ஊட்டி வர்க்கி அமெரிக்கா போக எந்தக் காகிதம் கேட்பது: பெட்டி லேபிளா, ஆய்வக அறிக்கையா, கேள்வித்தாளா?

குன்னூரில் இருந்துகொண்டு ஊட்டி பேக்கரி ஒன்றில் வர்க்கி வாங்கி, 200 கிராம் பாக்கெட்டாக அடைத்து நியூஜெர்சிக் கடைக்கு அனுப்ப நினைப்பவரிடம், அங்கே இறக்குமதி செய்பவர் முதலில் கேட்பது பொருட்பட்டியலும் அலர்ஜி விவரமும்தான். மைதா, ரவை, சர்க்கரை, உப்பு, வனஸ்பதி, புளித்த மாவு என்று ஒரு தாளில் எழுதி அனுப்பிவிட்டால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் பட்டியலில் வனஸ்பதி என்ற ஒரே சொல்லுக்குள் அமெரிக்க விதியின் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்தக் காகிதம் அவற்றுக்குப் பதில் சொல்லும், எது சொல்வதுபோல் காட்டி ஏமாற்றும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

வனஸ்பதி என்பது வழக்கமாகத் தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய கொழுப்பு. முதல் கேள்வி அந்த ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் பற்றியது. பகுதி அளவுக்கு மட்டும் ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைப் பாதுகாப்பான உணவுப்பொருளாகக் கருத முடியாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-ல் தீர்மானித்தது. படிப்படியாகக் கொடுத்த அவகாசம் எல்லாம் 2021 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. இரண்டாவது கேள்வி எள். 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் எள் ஒன்பதாவது முக்கிய அலர்ஜிப் பொருள். வனஸ்பதியில் எள்ளுக்கு என்ன வேலை? நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் வேண்டும் என்பதற்காக, வனஸ்பதியில் எள்ளெண்ணெய் சேர்ப்பது இந்தியாவில் நெடுங்காலமாக உள்ள விதி. அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்த்துக் குலுக்கினால் எள்ளெண்ணெய் சிவப்பு நிறம் காட்டும், கலப்படம் அகப்பட்டுவிடும். நெய்யைக் காக்க வந்த அந்த எள், வர்க்கிக்குள்ளும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

பெரும்பாலானோர் கேட்கும் முதல் காகிதம், வனஸ்பதிப் பெட்டியின் லேபிள் போட்டோ. பேக்கரிக்காரர் ஒரு நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார், செலவே இல்லை. பிராண்டு, தயாரிப்பாளர், உரிம எண், பேட்ச் எண் எல்லாம் அதில் கிடைக்கும். எந்த ஆலையிடம் கேள்வியைக் கொண்டுபோவது என்று காட்டும் வழிகாட்டி என்ற அளவில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் பதில் அதில் இல்லை. இந்திய லேபிள் விதியின் அலர்ஜிப் பட்டியலில் எள் கிடையாது. ஆகவே லேபிளில் எள்ளைப் பற்றி எச்சரிக்கை இல்லாதது, பெட்டிக்குள் எள் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது. ‘தாவரக் கொழுப்பு’ என்றோ ‘ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய்’ என்றோ எழுதியிருந்தால், அது பகுதியா முழுமையா என்று தெரியாது. அமெரிக்க லேபிளில் பாமாயிலா சோயா எண்ணெயா என்று எண்ணெயின் பெயரையும் சொல்ல வேண்டும். ‘தாவர எண்ணெய்’ என்று பொதுவாக எழுதினால் ஏற்கமாட்டார்கள். ஐ.என்.எஸ். 322 என்று நாம் எண்ணாக எழுதுவது அங்கே லெசித்தின் என்று பெயராக வர வேண்டும். அந்த லெசித்தின் சோயாவிலிருந்து எடுத்ததென்றால் சோயாவும் அலர்ஜி வரியில் ஏறும்.

ஆலை தரும் விவரத்தாளும் இதே வகைதான், கொஞ்சம் மேல் என்று சொல்லலாம். உருகுநிலை, ஈரப்பதம், அமில அளவு, அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு எல்லாம் அதில் இருக்கும். தாளில் தேதி இருக்கிறதா, அதில் உள்ள பிராண்டும் வகைப் பெயரும் பேக்கரியில் இப்போது திறந்திருக்கும் பெட்டியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே ஆலை ஒரே பெயரில் வனஸ்பதியும், பேக்கரிக்கென்று தனிக் கொழுப்பும் விற்கும். இரண்டுக்கும் தாள் வேறு.

அடுத்தது ஆய்வக அறிக்கை. செலவு ஆகும், நாள் பிடிக்கும், முத்திரையோடு வரும். அதனாலேயே எல்லோரும் அதை நம்புகிறார்கள். இந்த விஷயத்தில் மிகவும் ஏமாற்றுவதும் அதுதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஒரு ஈடில் 20 கிலோ வனஸ்பதி போய், சுட்டு ஆறிய பிறகு 80 கிலோ வர்க்கி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வர்க்கியில் 25 கிராம் வனஸ்பதி. அந்த வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 1.5 சதவீதம் என்றால், 2022 முதல் நடப்பில் உள்ள இந்திய வரம்பான 2 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. 100 கிராம் வர்க்கிக்கு சுமார் 0.38 கிராம், 30 கிராம் பரிமாறலுக்கு 0.11 கிராம். பரிமாறலுக்கு 0.5 கிராமுக்குக் குறைந்தால் அமெரிக்கச் சத்துப் பட்டியலில் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். ஆக அறிக்கை சுத்தம், லேபிளில் பூஜ்யம், இந்திய விதியும் நிறைவேறியது. இருந்தும் சரக்கு அமெரிக்காவுக்குத் தகுதியில்லாததாக இருக்கலாம்.

ஏனென்றால் அமெரிக்க விதி டிரான்ஸ் கொழுப்பின் அளவைக் கேட்கவில்லை, எண்ணெயைத் தயாரித்த விதத்தைக் கேட்கிறது. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் எண்தான் அயோடின் மதிப்பு. முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ ஹைட்ரஜன் ஏறாமல், அந்த மதிப்பு 4-க்கு மேல் நிற்கும் எண்ணெய்தான் அங்கே ‘பகுதி ஏற்றியது’. அதைக் கொஞ்சமாக எடுத்து நிறைய பாமாயிலோடு கலந்தாலும் டிரான்ஸ் அளவு 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அளவு குறைந்ததே தவிர, எண்ணெய் மாறவில்லை. இதே வர்க்கி பாரிசுக்குப் போனால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஏப்ரல் முதல் 100 கிராம் கொழுப்புக்கு 2 கிராம் என்று அளவைத்தான் பிடித்திருக்கிறது, அதற்கு ஆய்வக அறிக்கையே நேர்ப் பதில். எந்த நாடு என்று தெரியாமல் எந்தக் காகிதம் என்று முடிவுசெய்ய முடியாது.

சரி, ஆய்வகத்தில் அயோடின் மதிப்பையே பார்த்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். இங்கேதான் நன்றாகத் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். முழுக்க ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பு மெழுகுபோல் கெட்டியாக இருக்கும், அதைச் சாதாரண பாமாயிலோடு கலந்துதான் மாவுக்கு ஏற்ற பதத்துக்குக் கொண்டுவருவார்கள். கலந்த பிறகு பெட்டியிலுள்ள கொழுப்பின் அயோடின் மதிப்பு 4-ஐத் தாண்டி எங்கோ நிற்கும். ஆனாலும் அது அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டதுதான், ஏனென்றால் ஹைட்ரஜன் ஏற்றிய பங்கு தனியாக 4-க்குள் இருந்தது. பெட்டியிலிருந்து மாதிரி எடுத்து அளந்தால் நல்ல சரக்கையும் கெட்டது என்று ஒதுக்கிவிடுவோம். கலப்பதற்கு முந்திய நிலை ஆலைக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் மூன்றாவது வழி, நீங்களே எழுதிக் கையெழுத்துக் கேட்கும் கேள்வித்தாள், இந்தச் சரக்குக்கு முதல் இடத்துக்கு வருகிறது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பேக்கரி முதலாளியிடம் ‘பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் இல்லை’ என்று அச்சடித்துக் கொடுத்தால், நல்ல மனதோடு கையெழுத்துப் போட்டுவிடுவார். அவருக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றுக்கு அவர் கையெழுத்து வாங்குவது அவருக்கும் தீங்கு, உங்களுக்கும் பயனில்லை. கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். பேக்கரி அறிந்ததைப் பேக்கரியிடம், ஆலை அறிந்ததை ஆலையிடம்.

பேக்கரிக்கு இப்படி எழுதினால் போதும்:

“அண்ணே, வணக்கம். அமெரிக்கா ஆர்டருக்கு உங்ககிட்ட நாலு விவரம் வேணும். இப்போ வர்க்கிக்குப் போடுற வனஸ்பதி என்ன பிராண்டு, எந்தக் கடையில வாங்குறீங்க? மாவுல வேற என்னென்ன சேருது, ஒரு ஈடுக்கு எத்தனை கிலோ? அதே மேசையில, அதே அடுப்புல எள் பிஸ்கட், கடலை, முந்திரி, பால், முட்டை போட்ட சரக்கு எதெது செய்றீங்க? பிராண்டு மாத்தணும்னா மாத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பெட்டியோட நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிடுங்கண்ணே.”

எடை விவரம் கேட்டால் செய்முறையைத் திருடப்போகிறார்கள் என்று சிலர் தயங்குவார்கள். அது நியாயமான பயம். எடையில் அதிகமுள்ளதிலிருந்து குறைந்ததுக்கு என்ற வரிசைதான் லேபிளுக்கு வேண்டும் என்று விளக்கி, வரிசையை மட்டும் வாங்கிக்கொண்டு, சத்துப் பட்டியலை ஆய்வகத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகச் செலவுக்கு உண்மையில் பொருத்தமான இடம் அதுதான்.

ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகும் கடிதத்தில் சொல் பிசகக் கூடாது. பிராண்டு, வகைப் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றை மேலே எழுதிவிட்டுக் கேளுங்கள்:

1. இதில் உள்ள எண்ணெய்கள் எவை, ஒவ்வொன்றும் எந்தத் தாவரத்திலிருந்து?
2. ஹைட்ரஜன் ஏற்றிய பங்கு உண்டா? உண்டென்றால், மற்றவற்றோடு கலப்பதற்கு முன் அந்தப் பங்கின் அயோடின் மதிப்பு என்ன?
3. எள்ளெண்ணெய் சேர்க்கப்படுகிறதா? சேர்த்தால் பச்சையானதா, முழுமையாகச் சுத்திகரித்ததா?
4. லெசித்தின், வைட்டமின், ஆக்சிஜனேற்றத் தடுப்பான் போன்றவை எவை, எதிலிருந்து எடுக்கப்பட்டவை?

‘டிரான்ஸ் கொழுப்பு அற்றது’ என்று ஒரு சான்றிதழ் பதிலாக வந்தால், இரண்டாம் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். மறுபடி கேளுங்கள். ‘2 சதவீதத்துக்குக் குறைவு’ என்பதும் அப்படியே. மூன்றாம் கேள்வியில் பச்சை, சுத்திகரித்தது என்று பிரித்துக் கேட்பதற்கும் காரணம் உண்டு. மிக உயர்ந்த அளவில் சுத்திகரித்த எண்ணெயை அமெரிக்கச் சட்டம் அலர்ஜிப் பொருளாக எண்ணுவதில்லை, பொருட்பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பச்சையான எள்ளெண்ணெய் என்றால் கோதுமையோடு எள்ளையும் அலர்ஜி வரியில் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவில் எள்ளெண்ணெய்க்கு இந்த விலக்கு இல்லை, எப்படிச் சுத்திகரித்தாலும் எள் எள்தான்.

ஆலையின் பதிலில் ஹைட்ரஜன் ஏற்றிய பங்கின் அயோடின் மதிப்பு 4-க்கு மேல் என்று வந்தால், காகிதத்தை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது, கொழுப்பையே மாற்ற வேண்டும். ஹைட்ரஜன் ஏற்றாத பேக்கரிக் கொழுப்புகள் கிடைக்கின்றன. உருகுநிலை மாறினால் வர்க்கியின் அடுக்குப் பிரிவதும் மாறும். ஊட்டிக் குளிரில் ஒழுங்காக விரியும் கொழுப்பு கீழ்நாட்டு வெயிலில் கசியும் என்பது போட்டவர்களுக்குத் தெரியும். புதுக் கொழுப்பில் இரண்டு ஈடு சுட்டுப் பார்த்து, சரக்கு சரியாக வந்த பிறகே அந்தப் பிராண்டுக்குக் காகிதம் கேளுங்கள். இல்லாவிட்டால் பேக்கரி பயன்படுத்தாத கொழுப்புக்கு ஒரு கோப்பு நிறைய சான்றிதழ் சேர்ந்திருக்கும்.

பதில்கள் வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். மார்க்கெட்டில் வழக்கமான பிராண்டு இல்லாத நாளில் பேக்கரி வேறொன்றை வாங்கிவிடும், அதில் தவறு காண முடியாது. ஒவ்வொரு ஏற்றுமதி ஈடு போடும்போதும் திறந்த பெட்டியின் பேட்ச் எண் தெரிய ஒரு போட்டோ எடுத்து, அந்த ஈடின் பாக்கெட் தேதியோடு சேர்த்து வையுங்கள். முதலில் நாம் குறைத்து மதிப்பிட்ட அந்த லேபிள் போட்டோ, ஆலையின் கையெழுத்தை இந்தக் குறிப்பிட்ட பாக்கெட்டோடு இணைக்கும் கயிறாக இங்கேதான் பயன்படுகிறது.