டு, இங் தேடுறதா, முற்றை முதல்ல பிடிக்கிறதா? ஃபைனைட், நான்-ஃபைனைட்ல எந்த வழி தேறும்

அஸ்தம்பட்டில எங்க வீட்டு மாடில சாயங்காலம் அக்கா பொண்ணும் தெருப் பசங்க கொஞ்ச பேரும் படிக்க வருவாங்க. இங்கிலீஷ் பரிட்சைல ஒரு வாக்கியத்த குடுத்து இதுல ஃபைனைட் எது, இன்ஃபினிடிவ் எது, ஜெரண்ட் எது, பார்ட்டிசிப்பிள் எதுன்னு கேப்பாங்கல்ல, அதுக்கு ரெண்டு வழி புழக்கத்துல இருக்கு. ஒண்ணு சொல்லோட உருவத்த பாத்தே முடிவு பண்றது, டு வந்தா இன்ஃபினிடிவ், இங் வந்தா ஜெரண்ட் இல்லன்னா பார்ட்டிசிப்பிள், எட் வந்தா பாஸ்ட் டென்ஸ். இன்னொண்ணு முதல்ல வாக்கியத்தோட முற்றை, அதாவது நம்ம வினைமுற்று மாதிரி வர்ற ஃபைனைட் வெர்ப, பிடிச்சு ஓரமா வச்சுட்டு, மீதி வினையெல்லாம் அங்க என்ன வேலை பாக்குதுன்னு கேக்குறது. நான் ரெண்டாவதுக்கு மாறி அதுலயே நின்னுட்டேன், அதனால இத நடுநிலையான தீர்ப்புன்னு எடுத்துக்காதீங்க.

உருவம் பாக்குற வழிக்கு உள்ள நல்லதையும் சொல்லிடறேன். வேகம். இன்ஃபினிடிவ்ல அது பெரும்பாலும் கைவிடாது, டு-க்கு அப்புறம் வினையோட வேர்ச்சொல் மட்டும் இங், எட், எஸ் எதுவும் ஒட்டாம நின்னா கண்ண மூடிட்டு இன்ஃபினிடிவ்னு எழுதலாம், நானும் அத அப்படியேதான் வச்சிருக்கேன். டு இல்லாம வர்ற இன்ஃபினிடிவும் உண்டு, மேக், லெட், கேன், மஸ்ட் இதுக்கெல்லாம் பின்னாடி வர்றது. ஹீ மேட் ஹெர் க்ரை-ல க்ரை அதுதான், தமிழ்லயும் அழ வச்சான்னு அதே செய-வாய்பாட்டு எச்சம்தான் வருது, பசங்க உடனே பிடிச்சுக்குவாங்க.

சரி, இப்ப ஒரு வாக்கியத்த எடுத்துக்குவோம், ஏற்காடு மலைப்பாதைய நினைச்சு நான் எழுதினது.

ஸீயிங் தி மிஸ்ட் கமிங் டவுன், தி டிரைவர் ஸ்டாப்டு தி லோடட் ஜீப் டு வெயிட், பட் தி டூரிஸ்ட்ஸ் என்ஜாய்டு டேக்கிங் போட்டோஸ்.

உருவத்த பாக்குற பையன் என்ன பண்ணுவான்னா, ஸ்டாப்டு, லோடட், என்ஜாய்டு மூணுலயும் எட் இருக்கு, மூணும் ஃபைனைட்னு போடுவான், ஸீயிங், கமிங், டேக்கிங் மூணும் இங், எது ஜெரண்ட்னு தெரியாம காசு சுண்டிப் பாத்த மாதிரி எதையாவது எழுதுவான்.

என்னோட வழில முதல் வேலை காலத்த மாத்துறது. இது நேத்து நடந்தது, தினமும் நடக்குறதா மாத்தி சொல்லுங்கன்னு கேப்பேன். ஸ்டாப்டு ஸ்டாப்ஸ் ஆகும், என்ஜாய்டு என்ஜாய் ஆகும், மத்ததெல்லாம் அசையாம அப்படியே நிக்கும். டிரைவர் ஒருத்தர் இல்ல, நிறைய பேருன்னு சொன்னா ஸ்டாப்ஸ் திரும்ப ஸ்டாப் ஆயிடும், அப்பவும் லோடட் லோடட்தான். காலம் மாறினா, ஆள் மாறினா எது கூடவே மாறுதோ அதுதான் ஃபைனைட், இந்த வாக்கியத்துல அது ரெண்டே ரெண்டு.

லோடட்ல ஏன் இவ்ளோ பேர் விழறாங்கன்னு யோசிச்சா எனக்கு தமிழ்தான் காரணம்னு படுது. நம்ம பெயரெச்சம் காலம் காட்டும். சுமை ஏத்துன ஜீப்பு, ஏத்துற ஜீப்புன்னு சொல்லும்போதே காலம் உள்ள வந்து உக்காந்துக்கும், திணை பால் எண் இடம் மட்டும்தான் வராது. அந்த பழக்கத்துல இங்கிலீஷ்ல எட் பாத்ததும் இறந்தகாலம், அப்ப ஃபைனைட்னு கை போயிடுது. இங்கிலீஷ் பார்ட்டிசிப்பிள் தானா காலம் சொல்லாது, தினமும் நிறுத்துனாலும், நாளைக்கு நிறுத்தினாலும் அது லோடட் ஜீப்தான், சுமை ஏத்தி முடிஞ்ச நிலைய மட்டும் சொல்லுது. அதனால வினைமுற்று, எச்சம்னு தமிழ் வகுப்புல படிச்சத இங்க இழுத்துட்டு வர்றது நல்லதுதான், ஆனா காலம் காட்டுதான்னு மட்டும் கேட்டா காலை வாரிடும், வாக்கியத்தோட காலத்த மாத்தினா கூடவே மாறுதான்னு கேக்கணும்.

ரெண்டாவது வேலை, டு-வும் வேர்ச்சொல்லும் சேந்தத பிரிக்கிறது. டு வெயிட், காத்திருக்க. முடிஞ்சுது.

இப்ப மிச்சம் இருக்கிற இங்-கு மூணு. எந்த வழி தேறும்ங்குற முடிவே என்னப் பொறுத்தவரைக்கும் இங்கதான் இருக்கு, மத்ததெல்லாம் எந்த வழில போனாலும் ஒப்பேத்திடலாம். இங் வந்த சொல்லையும் அதுக்குப் பின்னாடி ஒட்டி வர்றதையும் சேத்து தூக்கிட்டு அந்த இடத்துல இட்-ன்னு ஒரு சொல்ல வச்சு பாருங்க. தி டூரிஸ்ட்ஸ் என்ஜாய்டு இட், நிக்குது. அப்ப டேக்கிங் போட்டோஸ் ஒரு பெயர் மாதிரி இருக்கு, நம்ம தொழிற்பெயர், போட்டோ எடுக்குறது, ஜெரண்ட். ஸீயிங் தி மிஸ்ட் எடுத்துட்டு இட், தி டிரைவர் ஸ்டாப்டு-ன்னு சொன்னா வாய்ல நிக்கல, ஏன்னா அது பனிமூட்டத்த பாத்து-ங்குற வினையெச்சம் மாதிரி டிரைவரோட ஒட்டி நிக்குது, அதனால பார்ட்டிசிப்பிள். கமிங் டவுன்-ல ஸீயிங் தி மிஸ்ட் இட்-ன்னு வரும், அதுவும் நிக்கல, பார்ட்டிசிப்பிள்.

இதே இட் சோதனை டு-வோட இன்னொரு பொறியையும் தீர்த்து வைக்கும். வீ லுக் ஃபார்வர்டு டு ஸீயிங் யூ-ல டு பாத்ததும் இன்ஃபினிடிவ்னு எழுதறவங்க இருக்காங்க. லுக் ஃபார்வர்டு டு இட் நல்லாவே நிக்கும், அப்ப இந்த டு வெறும் ப்ரிபொசிஷன், ஸீயிங் ஜெரண்ட். ஐ வான்ட் டு கோ-ல கோ-வ எடுத்துட்டு வான்ட் டு இட்-ன்னு வச்சா நொண்டும், அது இன்ஃபினிடிவோட டு.

ஒரே ஒரு எச்சரிக்கை, வரிசைய மாத்தாதீங்க. ஐ லைக் டு ஸ்விம்-ல டு ஸ்விம் மொத்தத்தையும் தூக்கிட்டு இட் வச்சாலும் நிக்கும், அத வச்சு ஜெரண்ட்னு எழுதினா போச்சு. முற்று, அப்புறம் டு-வோட வேர்ச்சொல், கடைசியா இங்-குக்கு மட்டும் இட்.

உருவத்த பாக்குற வழி சுத்தமா கைய விரிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அக்கா பொண்ணு கேட்டதுதான். பக்கத்து பக்கத்துல ரெண்டு வாக்கியம் எழுதி காட்டினா. ஹெர் மதர் இஸ் பிக்கிங் காஃபி. ஹெர் ஜாப் இஸ் பிக்கிங் காஃபி.

“ரெண்டுலயும் இஸ், ரெண்டுலயும் பிக்கிங், அப்புறம் ஏன் சித்தி ஆன்சர் மட்டும் வேற வேறன்னு போட்டிருக்கு?”

“தலைகீழா திருப்பி சொல்லு பாப்போம்”னேன்.

“பிக்கிங் காஃபி இஸ் ஹெர் ஜாப். சரியா இருக்கு. பிக்கிங் காஃபி இஸ் ஹெர் மதர்...” சொல்லி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் சிரிச்சுடுச்சுங்க.

அவ்ளோதான் சோதனை. திருப்புனா நிக்கிறது ஜெரண்ட், காப்பி பறிக்கிறதுதான் அவ வேலை. திருப்ப முடியாதது பார்ட்டிசிப்பிள், இஸ் கூட சேந்து அம்மா காப்பி பறிச்சிட்டு இருக்காங்கன்னு நடந்துட்டு இருக்கிறத சொல்லுது. வேலை போய் காப்பி பறிக்குமா, பறிக்காது, அம்மாதான் பறிப்பாங்க, இப்படி யாரு செய்யறதுன்னு கேட்டாலே பாதி தெளிஞ்சுடும். பேருக்கு முன்னாடி வர்ற இங்-குக்கும் இதே கேள்விதான், சேலம் ஜங்ஷன்ல வெயிட்டிங் ஹால் காத்திருக்காது, காத்திருக்கிறதுக்கான ஹால் அது, ஜெரண்ட். வெயிட்டிங் பேசஞ்சர் அவரே காத்திருக்கிறவர், பார்ட்டிசிப்பிள்.

உருவத்த மனப்பாடம் பண்றவங்க இந்த இடத்துக்கெல்லாம் ஒவ்வொரு விதிவிலக்கா சேத்துட்டே போகணும், இஸ்-க்கு பின்னாடி வந்தா இப்படி, ஆனா ஜாப், ஹாபி-ன்னு வந்தா அப்படி, லுக் ஃபார்வர்டு வந்தா இன்னொரு மாதிரின்னு. புது வாக்கியம் வந்தா புது விதி. ஆரம்பத்துல லேசா தெரியறது வருஷக் கடைசில பெரிய பட்டியலா நிக்கும், அத பராமரிக்கிறதே ஒரு வேலை. முற்றை பிடிக்கிற வழி முதல் வாரம் மெதுவாத்தான் போகும், பசங்க முணுமுணுப்பாங்க, ஆனா அதுக்கப்புறம் புதுசா சேக்க ஒண்ணும் இல்ல.

இதுலயும் உதைக்கிற இடம் இருக்கு, மறைக்கல. ஹீ கெப்ட் டாக்கிங்-ல இட் வச்சு ஹீ கெப்ட் இட்-ன்னா அர்த்தமே மாறிடுது, வென்ட் ஷாப்பிங்-ல நிக்கவே மாட்டேங்குது. கெப்ட் டாக்கிங்க ஜெரண்ட்னு எழுதற கைடும் பாத்திருக்கேன், பார்ட்டிசிப்பிள்னு எழுதறதும் பாத்திருக்கேன். சோதனைப்படி நான் பார்ட்டிசிப்பிள் பக்கம்தான் சாயறேன், ஆனா அடிச்சு சொல்ல மாட்டேன். இந்த சண்டையே வேண்டாம்னு 2002ல வந்த கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் இலக்கணத்துல ஹடில்ஸ்டனும் புல்லமும் ரெண்டையும் சேத்து ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்னு ஒரே பேரா போட்டுட்டாங்க. நம்ம பசங்க அப்படி எழுதினா மார்க் விழாது, அது வேற விஷயம்.

இன்னொண்ணு, விடை எழுதற விதம். தி பெர்ரீஸ் பிக்டு யெஸ்டர்டே வேர் டிரைடு இன் தி யார்டு. பிக்டு பார்ட்டிசிப்பிள், பறிச்ச பழம்ங்குற மாதிரி, அதுல யாருக்கும் சண்டை இல்ல. வேர் டிரைடு-ல கறாரா பாத்தா வேர் மட்டும்தான் காலமும் ஆளும் மாத்திக்கும், டிரைடு பார்ட்டிசிப்பிள். ஆனா பள்ளிக்கூட விடைத்தாள்ல பல இடத்துல வேர் டிரைடு மொத்தத்தையும் ஃபைனைட் வெர்ப்னு கேப்பாங்க. ஃபைனைட் வெர்ப அடிக்கோடு போடுன்னு கேட்டா ரெண்டையும் சேத்து கோடு போடுங்க, பார்ட்டிசிப்பிள் எதெதுன்னு கேட்டிருந்தா பிக்டு-வோட டிரைடையும் எழுதுங்கன்னுதான் பசங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்.