ஆன்லைனில் அலமாரி டிசைன் வாங்கப் போறீங்களா? 12,000 போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க. டிசைனர்களைப் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளம். அங்கே மர அலமாரிக்கு கணினியில் வரைந்த CAD வரைபடம், இணைப்பு விவரம், எந்தப் பலகையை எந்த அளவில் அறுக்கணும் என்று சொல்லும் கட் லிஸ்ட் எல்லாம் சேர்த்து ஒருத்தரிடம் வாங்கினேன். அவருக்குக் கொடுத்த பணம், பாழான பிளைவுட், வீணாய்ப் போன கூலி எல்லாம் கூட்டினால் 12,000. திரும்பி வந்தது சைபர்.

அலமாரி வெளி அகலம் 1200 மிமீ, பலகை 18 மிமீ பிளைவுட். நடுவில் ஒரு தடுப்பு, இரண்டு பக்கமும் நாலு நாலு தட்டு. முதல் வரைபடத்தில் தட்டுகளை ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருந்தார். "புடவை, போர்வை எல்லாம் ஏறும், பாரம் தாங்காது. பக்கப் பலகையில் 6 மிமீ ஆழத்துக்குக் காடி வெட்டி, அதுக்குள் தட்டு உட்காரும் மாதிரி போடுங்க" என்றேன். மறுநாளே அனுப்பிவிட்டார். கதவு திறந்து மூடும் வீடியோ, பலகை பலகையாய்ப் பிரிந்து நிற்கும் படம், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட அட்டவணை. காடிகூட முன்விளிம்புக்கு 20 மிமீ முன்னாடியே நிற்கும், வெளியே தெரியாது, அவ்வளவு நேர்த்தி. இப்படி வரைகிறவர் அளவில் கோட்டை விடுவாரா என்று யாருக்குத்தான் தோன்றும்? அந்த நிமிஷமே மீதிப் பணத்தை விடுவித்தேன்.

ஆசாரி லிஸ்டைப் பார்த்து முதலில் தட்டுகளைத்தான் அறுத்தார். பக்கப் பலகையில் காடியும் இழைத்துவிட்டார். பொருத்திப் பார்க்கும்போது, "சார், இது காடிக்குள்ள போகவே மாட்டேங்குது, வாசல்லயே நிக்குது" என்றார்.

கணக்கு இதுதான். 1200-இல் இரண்டு பக்கப் பலகைக்கு 36 போனால் 1164. நடுத்தடுப்புக்கு 18 போனால் 1146. பாதி 573. அது இரண்டு பலகைக்கு நடுவே உள்ள வெற்று இடம். காடிக்குள் இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 6 நுழையணும் என்றால் தட்டின் நீளம் 585. லிஸ்டில் இருந்தது 573. அதாவது நான் கேட்டதும் பக்கப் பலகையில் பள்ளத்தை மட்டும் வெட்டிவிட்டு, தட்டைப் பழைய நீளத்திலேயே விட்டிருக்கிறார். படத்தில் ஏன் தெரியவில்லை? காடியின் உயரம் 18, தட்டின் தடிமனும் 18. தட்டின் முனை பள்ளத்தின் வாயை மூடி போட்ட மாதிரி மறைத்துவிடும். வெளியிலிருந்து எந்தப் பக்கம் திருப்பினாலும் கச்சிதமாய்த்தான் தெரியும். குறுக்கே வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே காலியாக இருக்கும் 6 மிமீ கண்ணில் படும்.

நீளமாய் இருந்தால் சீவிக்கலாம், குறைந்த பலகையை எங்கே இழுப்பது? எட்டுத் தட்டும் ஒரே ஷீட்டில் வந்தவை, அந்த முழு ஷீட்டும் போச்சு. "பக்கப் பலகைகளை உள்ளே தள்ளிக்கோங்க" என்று கமென்டில் யாராவது சொல்வீங்க. தள்ளினால் மொத்த அகலத்தில் 24 மிமீ குறையும், மேல்பலகை, அடிப்பலகை, பின்பலகை, கதவு எல்லாமே மாறும்.

சரி, அவரிடம் கேட்டால்? முதலில் "உங்க ஆசாரி தப்பா அறுத்திருப்பார்". லிஸ்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "மென்பொருளே போட்ட லிஸ்ட், அது தப்பாகாது". குறுக்குவெட்டுப் படத்தை அனுப்பினேன். "இலவசத் திருத்தம் முடிஞ்சிடுச்சு, புது ஆர்டர் போடுங்க". அவர் தப்பைத் திருத்த நான் புதுசாய்க் காசு கட்டணுமாம்! அப்புறம் நீல டிக் மட்டும்தான் வருது. தளத்தின் உதவிப் பிரிவோ, "கோப்பு ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்" என்ற ஒரே வரியை ஒட்டி ஒட்டி அனுப்புகிறது. கோப்பை வைத்து நான் துணி மடிப்பதா? 12,000 சார், 12,000.

நிறைய டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்போ பொறுமை இல்லை. காடி உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் குறுக்குவெட்டுப் படம் கேளுங்க, தராவிட்டால் பணத்தை விடாதீங்க. லிஸ்டில் உள்ள தட்டு நீளம் உள் அகலத்துக்குச் சமமாக இருந்து, வரைபடத்தில் காடியும் இருந்தால், அது கண்டிப்பாகத் தப்பு. நடுத்தடுப்பில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் 6 மிமீ காடி வந்தால் நடுவில் மிஞ்சுவது வெறும் 6 மிமீ, அதையும் பாருங்க (என் வரைபடத்தில் அதுவும் இருந்தது, இப்போதான் கவனித்தேன்). எல்லாத் தட்டையும் ஒரேயடியாக அறுக்கச் சொல்லாதீங்க, ஒன்றை அறுத்துப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்க.

இவ்வளவுதான் இப்போதைக்கு. அந்தத் தளத்துக்கு மறுபடி புகார் எழுதப் போறேன், இந்தத் தடவை நடுத்தடுப்பு படத்தையும் சேர்த்து.