2N3904-ஆ, 2N2222A-வா: fT ஒன்றுதான், பேண்ட்வித் பாதி

இரண்டு டேட்டாஷீட்டிலும் fT-க்கு எதிரே குறைந்தபட்சம் 300 மெகாஹெர்ட்ஸ் என்றே போட்டிருக்கிறது. கெயின் 100 வேண்டுமென்றால் 300-ஐ 100-ஆல் வகுத்து 3 மெகாஹெர்ட்ஸ் வரை போகலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். காமன் எமிட்டரில் அது பலிக்காது.

ஒரே சர்க்யூட்டில் இரண்டையும் போட்டுப் பார்ப்போம். கலெக்டர் கரண்ட் 1 மில்லிஆம்ப், லோடு 2.5 கிலோஓம், சோர்ஸ் 1 கிலோஓம், பீட்டா 100. அப்படியானால் gm 40 மில்லிசீமென்ஸ், பேஸிலிருந்து கலெக்டருக்குக் கெயின் 100, rπ 2.5 கிலோஓம். பேஸ் முனையில் தெரியும் ரெசிஸ்டன்ஸ் R சுமார் 714 ஓம்.

அடுத்து பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான கெப்பாசிட்டன்ஸ் Cπ. 300 மெகாஹெர்ட்ஸ் என்பது 2N3904-க்கு 10 மில்லிஆம்பிலும் 2N2222A-க்கு 20 மில்லிஆம்பிலும் தரப்பட்ட எண். 1 மில்லிஆம்பில் fT இறங்கிவிடும், ஏனென்றால் கரண்டோடு குறைவது டிஃப்யூஷன் பங்கு மட்டுமே. எமிட்டர் ஜங்ஷன் கெப்பாசிட்டன்ஸ் அப்படியே நிற்கும். அதைத் தனியே பிரித்தால் 2N3904-க்கு Cπ ஏறத்தாழ 33 பிகோஃபாரட், 2N2222A-க்கு 59 வருகிறது. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையிலான Cμ-வுக்கு டேட்டாஷீட்டின் Cobo உச்ச மதிப்புகளையே எடுக்கிறேன்: 4, 8.

```
Cin = Cπ + Cμ(1 + gm·RL)
2N3904 : 33 + 4×101 = 437 pF
2N2222A: 59 + 8×101 = 867 pF
fH ≈ 1/(2π·R·Cin)
```

முதலாவது சுமார் 510 கிலோஹெர்ட்ஸ், இரண்டாவது 257. கணக்கைக் கொஞ்சம் கெடுத்துப் பாருங்கள்: fT இறங்குவதை மறந்து 300-ஐயே போட்டால் 2N3904-இன் Cπ 17 ஆகும், Cin நாலு சதவீதம்தான் மாறும். ஆக, இந்தக் கெயினில் நான் முதலில் பார்ப்பது Cobo வரியைத்தான்.

சோர்ஸ் 50 ஓம் என்றால் கதை வேறு. Cμ-வைக் கெயினோடு பெருக்கும் மேலே போட்ட மில்லர் கணக்கு மட்டும் 2N3904-க்கு 7.4 மெகாஹெர்ட்ஸ் என்று ஆசை காட்டும். Cμ கலெக்டர் பக்கம் லோடோடு சேர்ந்து தரும் 10 நானோசெகண்டை அது விட்டுவிடுகிறது. அதையும் கூட்டினால் 31 நானோசெகண்ட், அதாவது 5 மெகாஹெர்ட்ஸ். பேஸுக்குள்ளேயே இருக்கும் சில பத்து ஓம்களும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். பத்துக்கு ஒன்று புரோபின் 15 பிகோஃபாரடைக் கலெக்டரில் வைத்தாலோ இன்னொரு 37 நானோசெகண்ட். அளவு பாதிக்கும் கீழே போய்விடும்.

அப்புறம் பிரெட்போர்டு. 2N3904-இல் பேஸும் கலெக்டரும் பக்கத்துப் பக்கத்து கால்கள். அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே 2 பிகோஃபாரட் இருந்தாலே அது Cμ-வோடு சேர்ந்து 101 மடங்காகும். 510 கிலோஹெர்ட்ஸ் 350 ஆகிவிடும். டிரான்சிஸ்டர் மேல் பழி போடும் முன் கால்களை விரித்துத் தள்ளிச் செருகிப் பாருங்கள்.