ரெண்டு நெட் லைன்: லோட் பேலன்ஸா, பெயில்ஓவரா?

செங்கோட்டையில நம்மளது சின்ன லாரி புக்கிங் ஆபீஸு. புளியரை செக்போஸ்ட் தாண்டி கேரளா போற வண்டிக்கு இ-வே பில் இங்கதான் போடணும், நெட் போச்சுன்னா டிரைவர் வாசல்ல நின்னுக்கிட்டு "என்ன அண்ணாச்சி, பில்லு ஆச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. அதான் ரெண்டு கம்பெனி பைபர் வாங்கி டூயல் வேன் ரவுட்டர்ல (ஓட்டுற வேன் இல்ல) சொருகுனோம்.

மொதல்ல லோட் பேலன்ஸ் போட்டேன், ரெண்டுக்கும் காசு கட்டுறோம்ல, ரெண்டும் ஓடட்டுமேன்னு. 100 எம்பியும் 50 எம்பியும் சேந்து 150 வந்துரும்னு நெனச்சா வராது, ஒரு டவுன்லோடு ஒரு லைன்லதான் போகும், பத்து பேரு உக்காந்து வேலை பாக்குற எடத்துலதான் பிரயோஜனம் தெரியும். அதை விட தலைவலி பேங்க் சைட்டு, லாகின் ஒரு லைன்ல போகுது அடுத்த க்ளிக் இன்னொரு லைன்ல போகுது, ஐபி மாறுனதும் வெளிய தள்ளிருது.

அதனால பெயில்ஓவருக்கு மாத்திட்டேன், ஒண்ணு ஓடும், அது செத்தா மத்தது எடுத்துக்கும். மூணு நாலு பேரு ஆபீஸுக்கு இதுதான் என் ஓட்டு. அப்புறம் ரோட்டுல ஜேசிபி வந்து ஒரே போஸ்ட்ல வந்த ரெண்டு பைபரையும் ஒண்ணா அறுத்துச்சு, அதுலருந்து ரெண்டாவது லைனு 4ஜி சிம் ரவுட்டர்தான். வேகம் கம்மி, கேமராவை வெளியருந்து பாக்க பாதிநேரம் முடியாது, ஆனா பில்லு போட தாராளம். சிம்ல டேட்டா லிமிட் இருக்குங்கிறதால இதுக்கு லோட் பேலன்ஸ் நெனச்சே பாக்க முடியாது.

ஒருநாள் நெட் இல்ல, ரவுட்டரும் மாறல. பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவுல உள்ள கேபிள் நல்லா இருக்கவும் லைன் உசுரோட இருக்குன்னு நெனச்சுக்கிச்சு, கம்பெனிக்காரன் பக்கம் செத்தது அதுக்கு தெரியல. செட்டிங்ல செக் பண்ற அட்ரஸா வெளிய உள்ள 1.1.1.1 போட்டு, 5 செகண்டுக்கு ஒரு பிங், மூணு தடவை பதில் வரலேன்னா மாறுன்னு வச்சோம். அதே 1.1.1.1-ஐ சிஸ்டத்துல டிஎன்எஸ்ஸா போட்றாதீங்க, சில ரவுட்டர் அந்த அட்ரஸை மொத லைனோடயே கட்டிப்போட்ரும், லைன் மாறுனாலும் சைட்டு எதுவும் தொறக்காது.

ரெண்டு பெட்டியும் 192.168.1.1-லயே இருந்தாலும் குழப்பம்தான், ஒண்ணை 192.168.10.1-னு மாத்துங்க.

டெஸ்ட் பண்ணும்போது ரவுட்டர் பக்கம் உள்ள கேபிளை உருவுனா ஒண்ணும் தெரியாது, அது எல்லா ரவுட்டரும் கண்டுபிடிக்கும். பைபர் ஒயரையே பெட்டிலருந்து கழட்டுங்க, சிஸ்டத்துல இதை ஓட விட்டுட்டு:

```
ping -t 9.9.9.9
```

எங்க ஆபீஸ்ல கிட்டத்தட்ட 15 செகண்டுல பதில் திரும்ப வருது. அந்நேரம் ஓடிக்கிட்டு இருந்த வாட்ஸ்அப் கால் கட்டாகும், பாதி போட்ட பில்லுக்கு திரும்ப லாகின் கேக்கும், ஐபி மாறுதுல்ல.