"ஏசி சென்சார்"னு ஸ்டிக்கர் ஒட்டுன சம்ப் கன்ட்ரோலர் வாங்குறவங்க கவனத்துக்கு

சம்ப்புக்கு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மாட்டப் போறவங்களும் சரி, ஏற்கனவே மாட்டிட்டு ராடு மாத்தி மாத்தி துட்டு அழுதுட்டு இருக்கவங்களும் சரி, இத முழுசா படிச்சிருங்க. பெருமாள்புரத்துல எங்கக்கா வீட்ல "இது ஏசி சென்சார், ராடு அரிக்கவே அரிக்காது"ன்னு சொல்லி ஒரு டப்பாவத் தலையில கட்டிட்டாவ. உள்ள இருந்தது அப்பட்டமான டிசி. நான் இன்வெர்ட்டர் ஸ்டெபிலைசர் சர்வீஸ் பாக்கிற ஆளு, வேலை தூத்துக்குடியில, அதனால இது என் கண்ணுல படுறதுக்குள்ள அத்தான் நல்லாவே செலவழிச்சிட்டாரு.

சம்ப்புக்கு மாநகராட்சி குழாய்ல ஆத்துத் தண்ணி வரும், பத்தலன்னா போர் தண்ணி விடுவாவ. சம்ப்புக்குள்ள மூணு ஸ்டீல் ராடு தொங்குது. அடி வரைக்கும் போறது காமன், அது பக்கத்துல கொஞ்சம் ஒசரத்துல லோ, மேல ஃபுல். தண்ணி காமனையும் லோவையும் சேத்துத் தொட்டுக்கிட்டு இருந்தா "சம்ப்புல தண்ணி இருக்கு"ன்னு மேல்டேங்க் மோட்டார ஓட விடும், தொடலன்னா மோட்டாரு காத்த இழுத்துக் காயில் போயிரக் கூடாதுன்னு நிறுத்திரும். ஃபுல்ல தொட்டுட்டா போர் மோட்டார் நிக்கும்.

மாட்டுன கொஞ்ச மாசத்துல, சம்ப் நெறைய தண்ணி கெடக்கு, டப்பாவுல செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டு மோட்டார் எடுக்க மாட்டேங்குது. கடைக்குப் போன் பண்ணா ஒரு பையன் வருவான், ராட வெளிய இழுப்பான், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான், ஓடும், துட்டு வாங்கிட்டுப் போயிருவான். திரும்பவும் அதே கதை. அப்புறம் "ராடே போச்சு"ன்னு புது ராடு. அப்புறம் "உங்க தண்ணி உப்பு, 304 தாங்காது, 316 ஸ்டீல் போடணும்"னு அதவிட வெலை கூடின ராடு. அதுவும் அதே மாதிரி போச்சு. எங்கக்கா பாவம், தண்ணி மேலதான் கோளாறுன்னு நம்பிக் கோவில்பட்டியில இருக்க மைனிகிட்ட கூட "எங்க ஊரு போர் தண்ணி அப்படி"ன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கா.

நான் போனப்ப மூணு ராடையும் வெளிய எடுத்துத் தரையில வரிசையா வச்சுப் பாத்தேன். காமன் ராடு நுனி பென்சில் சீவுன கணக்கா கூம்பா போயிருக்கு, மேலெல்லாம் பழுப்புச் சேறு, தொட்டா கையில ஒட்டுது. லோ ராடு ஒரு மில்லி கூட கொறையல, ஆனா அது மேல வெள்ளையா கெட்டிச் சுண்ணாம்பு படிஞ்சு கெடக்கு, நகத்தால சொரண்டுனா பொடிப்பொடியா உதிருது. ஃபுல் ராடு கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருக்கு. மூணும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்குன ஒரே ஸ்டீல், ஒரே தண்ணியில கெடந்தது. தண்ணிதான் அரிச்சுதுன்னா பக்கத்துப் பக்கத்துல தொங்குன ரெண்டு ராடுல ஒண்ணு கரைஞ்சும் ஒண்ணு வீங்கியும் எப்படிப் போகும்? ஒரு ராடு அரிச்சு எதிர் ராடுல சுண்ணாம்பு படிஞ்சா அது டிசி வேலை, வேற ஒண்ணும் இல்ல. இத மீட்டர் இல்லாம கண்ணால பாத்தே சொல்லிரலாம்.

என்ன நடக்குதுன்னா, தண்ணிக்குள்ள ஒரே பக்கமா கரண்ட் போச்சுன்னா பிளஸ் ராடுல இருக்க இரும்பு அயனா மாறித் தண்ணியில கரைஞ்சு போகும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா அதுல இருக்க குரோமியம் நிக்கல் எல்லாம் கூடவே கரையும், அது சமைக்கிற தண்ணியில கலக்குதுங்கறத யோசிச்சுக்கோங்க. மைனஸ் ராடுல ஹைட்ரஜன் பொடிக் குமிழா வரும், அந்த இடத்துல தண்ணி காரமாகும், காரமான இடத்துல போர் தண்ணியில இருக்க கால்சியம் மக்னீசியம் எல்லாம் கெட்டியாப் படியும். அந்தப் படிவுல கரண்ட் சரியாப் போகாது. அதனாலதான் தண்ணி இருந்தும் "காலி"ன்னு காட்டுது. ஃபுல் ராடு தப்பிச்சதுக்குக் காரணம் சம்ப் நெறைஞ்சா மட்டுந்தான் அது தண்ணியத் தொடும், காமனும் லோவும் ராப்பகலா முங்கிக் கெடக்கும். 316 போட்டாலும் கரையத்தான் செய்யும், கரண்ட் ஒரே பக்கமா தள்ளுறப்ப ஸ்டீல் ரகத்தால அத நிறுத்த முடியாது.

எவ்வளவு கரையும்னு கணக்குப் போடலாம். லோ ராடு வயர கழட்டி நடுவுல மீட்டர சீரியஸா போட்டு டிசி `2000µ` ரேஞ்சுல வச்சேன், 970 காட்டுச்சு, அதாவது கிட்டத்தட்ட ஒரு மில்லி ஆம்ப். ஒரு மில்லி ஆம்ப் டிசி ஒரு வருஷம் நிக்காம போச்சுன்னா, ஃபாரடே கணக்குப்படி அதிகபட்சமா சுமார் 9 கிராம் இரும்பக் கரைக்கும். 6 மில்லி கனமுள்ள ராடு 10 சென்டிமீட்டர் நீளத்துக்கே 22 கிராம்தான் இருக்கும். கொஞ்சம் கரண்ட் ஆக்சிஜன் குமிழாப் போறதால அம்புட்டும் கரையாதுன்னு வச்சாலும், நுனியிலதான் கூட அரிக்கும்ங்கறதால ராடு கூம்பாப் போனதுல ஆச்சரியமே இல்ல.

இனிமே வர்றதுதான் எனக்கு வயிறு எரிஞ்ச விஷயம். டப்பாவ எடுத்துட்டுக் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, இது டிசி, நீங்க ஏசின்னு சொல்லி வித்திருக்கிய"ன்னு சொன்னேன். அவரு கொஞ்சங்கூட அசரல. "தம்பி, நீங்களே பாருங்க"ன்னு, எல்லா எலக்ட்ரீசியன் பையிலயும் கெடக்குமே அந்த மஞ்சக் கலர் சின்ன மீட்டர், அத எடுத்து ஏசி 200 வோல்ட் ரேஞ்சுல திருப்பி காமன்லயும் லோ டெர்மினல்லயும் குத்துனாரு. 25 வோல்ட் காட்டுச்சு. "ஏசி 25 வோல்ட் வருது, அப்புறம் என்ன தம்பி?"ன்னு கேக்காரு. பக்கத்துல நின்ன கஸ்டமர் ரெண்டு பேரும் தலையாட்டுறாவ.

அந்த மீட்டர்ல ஏசி ரேஞ்ச் எப்படி வேலை செய்யுதுன்னா, உள்ள ஒரே ஒரு டயோடு, அது பாதி அலைய மட்டும் எடுத்து, சராசரிய 2.2 மடங்கு பெருக்கிக் காட்டும். டிசிய மறிக்க உள்ள கெப்பாசிட்டர் கெடையாது. அதனால சுத்த டிசியக் குடுத்தாலும் அதையும் ஏசின்னு நெனச்சு 2.2 மடங்காக் காட்டும். பதினொண்ணரை வோல்ட் டிசி 25 ஆயிரும். நான் ஒண்ணும் பேசல, ஒயர மாத்திக் குத்தச் சொன்னேன், செவப்பு இருந்த இடத்துல கருப்பு, கருப்பு இருந்த இடத்துல செவப்பு. மீட்டர்ல பூஜ்யம். நெசமான ஏசின்னா எப்படி மாத்திக் குத்துனாலும் அதே அளவுதான் காட்டணும். அப்புறம் டிசி ரேஞ்சுல வச்சா 11.5, மாத்திக் குத்துனா மைனஸ் 11.5. அண்ணாச்சி மொகம் மாறிருச்சு, "கம்பெனிக்காரன் அப்படித்தான் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புறான், நாங்க என்ன செய்ய"ன்னு ஆரம்பிச்சிட்டாரு. துட்டு திரும்பக் குடுக்கல, வேற மாடல் தாரேன்னாரு.

அந்த வேற மாடலையும் சொல்லிருதேன், அதுல இருக்க ஏமாத்து இன்னும் நுணுக்கம். டப்பாவத் தொறந்தா ட்ரான்ஸ்பார்மர் இருக்கு, 12 வோல்ட் ஏசி நெசமாவே காமன் ராடுக்குப் போகுது, மீட்டர் எப்படிக் குத்துனாலும் ஏசி காட்டும். ஆனா லோ ராடுல இருந்து திரும்பி வர்ற ஒயர் ஒரு ரெசிஸ்டர் வழியா நேரா ட்ரான்சிஸ்டர் பேஸுக்குப் போகுது. பேஸ் ஒரு பக்கந்தான் கரண்ட விடும், டயோடு மாதிரி. அப்போ பிளஸ் பாதியில கரண்ட் தண்ணி வழியா போகும், மைனஸ் பாதியில திரும்பி வர வழியே இல்ல. குடுத்தது ஏசியா இருந்தாலும் தண்ணிக்குள்ள ஓடுறது ஒரு பக்கம் மட்டுந்தான், ராடு அரிக்கத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவா. அதனால வோல்ட் பாத்து நம்பாதீங்க. ராட ஒரு வாளித் தண்ணியில முக்கி வச்சுட்டு, ஒயர்ல சீரியஸா மீட்டர டிசி `2000µ` ரேஞ்சுல போட்டுப் பாருங்க. நெசமான ஏசி ப்ரோப்னா பூஜ்யத்த ஒட்டியே நிக்கும். இவரு குடுத்த ரெண்டாவது டப்பா முந்நூறு சொச்சம் காட்டுச்சு. வேண்டாம்னு அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன்.

மீட்டர் இல்லாதவங்க ரெண்டு ராடையும் கண்ணாடி டம்ளர்ல அதே போர் தண்ணி ஊத்தி முக்கி, கன்ட்ரோலர ஆன் பண்ணி அரை மணி நேரம் விடுங்க. ஒரு ராடுல மட்டும் பொடிப்பொடியா குமிழ் வந்து ஒட்டிக்கிட்டே இருந்தா டிசி ஓடுதுன்னு அர்த்தம்.

சரியானது எப்படி இருக்கும்னா, ப்ரோபுக்குப் போற லைன்ல சீரியஸா ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். கெப்பாசிட்டர் வழியா டிசி போகவே போகாது, ஒரு பக்கம் போன சார்ஜ் அடுத்த பாதியில அம்புட்டும் திரும்பி வந்தாகணும், அதனால கரைய ஆரம்பிக்கிறது கரையுறதுக்குள்ள எதிர்ப்பக்கம் திரும்பிரும். இது ஒண்ணும் புதுசு இல்ல, `LM1830`ன்னு பழைய ஐசி ஒண்ணு இதுக்குன்னே வந்தது, உள்ளயே ஆசிலேட்டர் இருக்கும், கெப்பாசிட்டர் வழியாத்தான் ப்ரோபுக்கு சிக்னல் போகும். இப்ப மைக்ரோகன்ட்ரோலர் வச்சு ரெண்டு ராடையும் மாத்தி மாத்தி பிளஸ் மைனஸ் ஆக்குறாவ, ரெண்டு பக்கமும் சம நேரம் போனா அதுவும் நல்லாவே வேலை செய்யும். அக்கா வீட்ல கெப்பாசிட்டர் வச்ச டப்பாதான் மாட்டிக் குடுத்தேன், பையன் தாங்காதுன்னு சொன்ன அதே 304 ராடோட. ஒரு மழக்காலம் முழுக்கப் போனப்புறம் எடுத்துப் பாத்தேன், காமன் நுனி வாங்குன மாதிரியே தட்டையா இருக்கு. லேசா பாசியும் உப்பும் ஒட்டியிருந்துச்சு, அது ஏசியால தடுக்க முடியாத விஷயம், போர் தண்ணி உள்ள வீட்ல சம்ப் கழுவுறப்ப ராடையும் ஒருதடவ தொடைச்சுத்தான் ஆகணும்.

ஒண்ணு மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. ஏசி நல்லதுன்னு கேட்டுட்டு யாராவது வீட்டு கரண்ட 230 வோல்ட்ட ராடுக்குக் குடுத்துறாதீங்க, சம்ப்புக்குள்ள கை விட்டா ஆள் காலி. வெலை கொறைஞ்ச சில டப்பாக்கள்ல ட்ரான்ஸ்பார்மரே இருக்காது, நேரா மெயின்ஸ்ல இருந்து ஒரு கெப்பாசிட்டர வச்சு வோல்ட்டக் கொறச்சிருப்பாவ. மீட்டர் 12 தான் காட்டும், ஆனா பூமிக்கும் ராடுக்கும் நடுவுல முழு மெயின்ஸ் இருக்கலாம். டப்பா தூக்குனா வெயிட்டே இல்லாம இருந்து, உள்ள ட்ரான்ஸ்பார்மரோ, மெயின்ஸ்ல இருந்து தனியாப் பிரிச்ச எஸ்எம்பிஎஸ்ஸோ இல்லன்னா அத வாங்காதீங்க. மாட்டியாச்சுன்னா எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு ப்ரோப் டெர்மினல்ல டெஸ்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, பிளக்க திருப்பிச் சொருகியும் ஒருதடவ பாக்கச் சொல்லுங்க. டெஸ்டர் எரிஞ்சா அன்னைக்கே கழட்டிருங்க, அது வரைக்கும் மெயின் ஆஃப் பண்ணாம சம்ப் மூடியத் தொறக்காதீங்க.