முதல் வீடியோவை எங்கே போடுவது: டிக்டொக்கா, ரீல்ஸா, ஷோர்ட்ஸா? முகப்புப் படத்தை வைத்து ஒரு ஒப்பீடு

போன் கலரியில் இருக்கும் வீடியோ ஒன்றை டிக்டொக்கிலோ இன்ஸ்டகிராம் ரீல்ஸிலோ யூடியூப் ஷோர்ட்ஸிலோ போடுவது ஏறக்குறைய ஒரே வேலைதான். கூட்டல் குறியை அழுத்தி, கலரியைத் திறந்து, வீடியோவைத் தெரிந்து, இரண்டு முறை அடுத்த பக்கத்துக்குப் போனால் முடிந்தது. மூன்றும் வேறுபடும் இடம் முகப்புப் படம். ஒன்று வெளியில் இருந்து படம் கொண்டுவரவும் பிறகு மாற்றவும் விடும், ஒன்று இரண்டுக்கும் இடம் தராமல் பிடிவாதம் பிடிக்கும். முதல் வீடியோ போடுபவர்கள் இதைப் போட்ட பிறகுதான் கவனிக்கிறார்கள்.

விசுவமடுவில் இருக்கும் சித்தியின் மகள் எடுத்த ஒரு வீடியோவை வைத்தே சொல்கிறேன். பனங்காய்ப் பணியாரம் சுடுவது, 52 செக்கன், போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. முதல் சில செக்கன் அடுப்படிப் புகையும் சுட்ட பனங்காயும். 14ஆவது செக்கனில் களி பிழிகிறாள், கை முழுக்கச் செம்மஞ்சள். 33இல் தாச்சியில் எண்ணெய் கொதிக்கிறது. 46இல் ஒரு பணியாரத்தைப் பிட்டுக் காட்டுகிறாள். "அண்ணை, இதை எதிலை போட்டால் நல்லது?" என்பதுதான் அவளுடைய கேள்வி.

எதில் போட்டாலும் முதலில் கலரியில் சரியான கோப்பைத் தெரிய வேண்டும். அவள் அதை ஏற்கெனவே குடும்பக் குழுவில் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வட்ஸ்அப்பில் வாங்கியதும், சில போன்களில் அனுப்பியதும், கலரியில் வட்ஸ்அப் என்ற தனி அல்பமாகச் சேர்ந்திருக்கும். கலரி எல்லாவற்றையும் நேர வரிசையில் காட்டுவதால், பிந்தி வந்த அந்தப் பிரதிதான் மேலே நிற்கும். பெரும்பாலும் அது சுருக்கப்பட்ட பிரதி. சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. ஏற்றிய பிறகு புகை இருக்கும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். கோப்பின் விவரத்தைத் திறந்து அளவைப் பாருங்கள். 1080 தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ, போனைப் பொறுத்து, 60 எம்பிக்கு மேலேயே இருக்கும். பத்துப் பன்னிரண்டு எம்பி என்று காட்டினால் அது வட்ஸ்அப் பிரதி. கமரா அல்பத்துக்குள் போய் மூலத்தை எடுங்கள். மூலம் வேறொருவரின் போனில் இருந்தால் வீடியோவாக அனுப்பச் சொல்லாமல் டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாது.

சரி, மூன்றையும் பார்ப்போம்.

டிக்டொக்கில் கீழே நடுவில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினால் கமரா திறக்கும். அதன் ஓரத்தில் கலரியின் சின்னச் சதுரம் தெரியும். வீடியோவைத் தெரிந்து `Next` அழுத்தினால் பாட்டு, எழுத்து சேர்க்கும் பக்கம் வரும். இன்னொரு `Next` கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோகும். அங்கே வீடியோவின் சின்னப் படத்தின் மேல் `Edit cover` என்று இருக்கும். அதைத் தொட்டால் வீடியோ முழுவதும் ஒரு பட்டையாக விரியும். கட்டத்தை விரலால் இழுத்து 14ஆவது செக்கனுக்குக் கொண்டுபோய் வைக்கலாம். அதன் மேலேயே ஒரு வரி எழுதலாம். எழுத்தை இடது பக்கக் கீழ் மூலையில் மட்டும் வைக்காதீர்கள். ப்ரொபைலில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் அங்கேதான் வந்து உட்காரும்.

டிக்டொக்கில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. யார் பார்க்கலாம் என்பதை `Only you` என்று வைத்துப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ப்ரொபைலில் அது எப்படித் தெரிகிறது, எழுத்து வெட்டுப்படுகிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் திறந்துவிடலாம். கைநடுக்கத்தோடு முதல் வீடியோ போடுபவருக்கு இது பெரிய ஆறுதல். ட்ராஃப்டில் வைத்துவிட்டுப் பிறகு போடுவோம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ட்ராஃப்ட் அந்தப் போனுக்குள்தான் இருக்கும். இடம் போதவில்லை என்று செயலியை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் வன்னியில் இருப்பவருக்கு டிக்டொக்கில் ஒரு குறை இருக்கிறது. இந்தியா 2020 ஜூனில் அதைத் தடை செய்துவிட்டது. லண்டனில் இருக்கும் மாமா பார்ப்பார், கனடாவில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். போர்க் காலத்தில் படகேறிப் போய் இன்றும் தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தங்கள் பார்க்க முடியாது. சித்தியின் மகளுக்கு அதுதான் முக்கியம். அவளுக்குப் பணியாரம் சுடப் பழக்கிய பெரியம்மா திருச்சியில் இருக்கிறா.

இன்ஸ்டகிராமில் கூட்டல் குறியை அழுத்தி ரீல் என்பதைத் தெரிந்து, கலரியில் வீடியோவைத் தொட்டு, `Next` வழியாகக் கடைசிப் பக்கத்துக்கு வரவேண்டும். இங்கேயும் `Edit cover` தான், ஆனால் பட்டையோடு நின்றுவிடாது. `Add from camera roll` என்ற ஒன்றும் இருக்கும். அதாவது வீடியோவுக்குள் இல்லாத படத்தையும் முகப்பாக வைக்கலாம். பணியாரங்களைத் தட்டில் அடுக்கி, முற்றத்து வெளிச்சத்தில் தனியாக ஒரு ஃபோட்டோ எடுத்து அதையே வைக்கலாம். அடுப்படி இருட்டில் எடுத்த வீடியோவுக்கு இது பெரிய உதவி. போட்ட பிறகு பிடிக்கவில்லையா? அந்த ரீலைத் திறந்து மூன்று புள்ளியை அழுத்தி `Edit` போனால் முகப்பை மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது வெட்டு. ரீல் 9க்கு 16 என்ற அளவில் ஓடும். ப்ரொபைல் கட்டத்தில் தெரிவது 3க்கு 4, 2025 தொடக்கத்தில் இருந்து அப்படி. 1080க்கு 1920 படத்தில் நடுவில் உள்ள 1440 மட்டும் கட்டத்தில் வரும். மேலே எட்டில் ஒரு பங்கும் கீழே எட்டில் ஒரு பங்கும் போய்விடும். அவள் ஃபோட்டோவின் உச்சியில் பெரிதாக எழுதிய "பனங்காய்ப் பணியாரம்" கட்டத்தில் பாதியாக வெட்டுப்பட்டு நின்றது. பெயரை நடுப்பகுதிக்கு இறக்கிய பிறகு சரியாயிற்று. இன்னொன்று, டிக்டொக்கைப் போல "எனக்கு மட்டும்" என்று ஒரு ரீலைப் போட்டுப் பார்க்கும் வசதி இங்கே இல்லை. கணக்கு பொதுவானது என்றால் போட்டதும் எல்லோருக்கும் தெரியும். ட்ராஃப்டில் பார்த்துக்கொள்வதுதான் வழி.

யூடியூபில் அன்ட்ரொய்ட் போன் வைத்திருப்பவருக்கு ஜிமெயில் கணக்கு ஏற்கெனவே இருக்கும். அதில் ஒரு சனல் திறந்தால் போதும். கூட்டல் குறி, கலரி, வீடியோ, `Next` என்று போகும் வழி அதேதான். நிமிர்ந்த அல்லது சதுர வீடியோ மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் தானாகவே ஷோர்ட்ஸாகிவிடும். 2024 ஒக்டோபர் வரை அந்த எல்லை ஒரு நிமிடமாக இருந்தது.

கடைசிப் பக்கத்தில் சின்னப் படத்தின் மேல் ஒரு பென்சில் அடையாளம் இருக்கும். பலர் அதைக் கவனிக்காமலே `Upload` அழுத்திவிடுகிறார்கள். பிறகு யூடியூப் தானாகப் பிடித்த ஏதோ ஒரு கணம் முகப்பாகிவிடும், பெரும்பாலும் வாய் பாதி திறந்திருக்கும் கணம். பென்சிலைத் தொட்டால் பட்டை வரும், வீடியோவுக்குள் இருக்கும் ஒரு கணத்தைத்தான் தெரியலாம். கலரியில் இருந்து ஃபோட்டோ வைக்க அந்தப் பக்கத்தில் வழியில்லை. ஆகவே முகப்பு எது என்பதை ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

பட்டையை இழுத்து ஒரு கணத்தைப் பிடிப்பதும் லேசு இல்லை. விரல் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் படம் அரை செக்கன் தாண்டிப் போகும். அவள் பணியாரத்தைப் பிட்ட அந்த 46ஆவது செக்கன் கை ஓட்டத்திலேயே முடிந்துவிட்டதால், எங்கே நிறுத்தினாலும் விரல்கள் கலங்கலாகவே தெரிந்தன. வெளிச்சம் குறைந்த இடத்தில் போன் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியை வாங்கும், அந்த நேரத்தில் கை அசைந்தால் கலங்கல்தான். எடுக்கும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயம் இது. முகப்பாக வரவேண்டிய காட்சியில் பொருளைக் காட்டிவிட்டு இரண்டு செக்கன் அசையாமல் பிடித்திருக்க வேண்டும், வாசல் வெளிச்சம் படும் பக்கம் திரும்பி. எடுத்து முடிந்துவிட்டதா? அப்படியென்றால் ஏதாவது எடிட்டிங் செயலியில், அந்தத் தட்டு ஃபோட்டோவை வீடியோவின் கடைசியில் ஒரு செக்கன் ஒட்டிவிட்டு ஏற்றுங்கள். பட்டையைக் கடைசி ஓரத்துக்கு இழுத்தால் அந்த ஃபோட்டோவே முகப்பு. அவள் செய்தது இதைத்தான்.

இன்னொரு கேள்வியும் யூடியூபில் மட்டும் வரும்: இது சிறுவர்களுக்காக எடுத்ததா? பிள்ளைகளும் பார்க்கலாம்தானே என்று நினைத்து ஆம் என்று அழுத்துபவர்கள் நிறைய. அழுத்தினால் அந்த வீடியோவுக்குக் கருத்து எழுதும் வசதி மூடிக்கொள்ளும். சமையல் வீடியோவுக்கு `No, it's not made for kids` என்பதுதான் சரி. ஒத்திகை பார்க்க இங்கேயும் வழி உண்டு. `Private` என்று ஏற்றி, பார்த்துவிட்டு, `Public` ஆக்கலாம்.

முகப்புக்கு இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். ஷோர்ட்ஸைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவருக்கு முகப்பு தெரியாது, வீடியோ நேரே ஓடத் தொடங்கிவிடும். டிக்டொக்கிலும் அதே கதை. அது தெரிவது உங்கள் பக்கத்தைத் திறப்பவருக்கும், தேடிப் பார்ப்பவருக்கும், இணைப்பை அனுப்பி வாங்குபவருக்கும். நம் பக்கத்தில் முதல் வீடியோ ஓடுவது பெரும்பாலும் அந்த மூன்றாவது வழியில்தான், குடும்பக் குழுவில் இருந்து ஊர்க் குழுவுக்கு, அங்கிருந்து பழைய பாடசாலைக் குழுவுக்கு. யூடியூப் இணைப்பை வட்ஸ்அப்பில் போட்டால் முகப்புப் படமும் கூடவே வரும். அதைப் பார்த்துத்தான் தொடுவதா விடுவதா என்று முடிவெடுப்பார்கள்.

என் தீர்ப்பு இது. முகப்புப் படத்தை மட்டும் பார்த்தால் இன்ஸ்டகிராம்தான் முதலிடம், தவறினாலும் திருத்தலாம். கூச்சம் அதிகம் உள்ளவர் டிக்டொக்கில் `Only you` என்று போட்டுப் பழகட்டும். சித்தியின் மகளுக்கு நான் சொன்னது ஷோர்ட்ஸ். பெரியம்மாவின் போனில் யூடியூப் ஏற்கெனவே இருக்கிறது, கணக்குத் திறக்காமலே பார்க்கலாம்.

மூன்றிலும் போட விரும்பினால் ஒவ்வொன்றுக்கும் கலரியில் இருக்கும் அதே மூலக் கோப்பைக் கொடுங்கள். டிக்டொக்கில் போட்டதை அங்கிருந்து சேமித்து ரீல்ஸில் போட்டால் டிக்டொக்கின் அடையாளமும் கணக்குப் பெயரும் படத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி அடையாளம் உள்ளவற்றைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டகிராம் 2021இலேயே அறிவித்துவிட்டது. கடைசியில் ஒட்டிய ஒரு செக்கன் ஃபோட்டோ ஷோர்ட்ஸுக்கு மட்டும் தேவை என்பதால், அதை வெட்டாத பிரதி ஒன்று, வெட்டிய பிரதி ஒன்று என்று இரண்டையும் கலரியில் தனி அல்பத்தில் வைத்துக்கொண்டால் ஏற்றும்போது குழப்பம் வராது.