ஹோம் லோன் இன்ட்ரஸ்ட் சர்டிஃபிகேட்: நாலு வருஷ அனுபவம், அதுல ஒரு ஆகஸ்ட் மாசம்

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் நேத்து கேட்டான், "அண்ணே, ஜனவரில டேக்ஸுக்கு ப்ரூஃப் கேப்பாங்களே, லோன் கம்பெனில என்ன வாங்கணும், சர்டிஃபிகேட் மட்டும் போதுமா?"னு. போதாதுடா, கூடவே மாசாமாசம் வட்டி, அசல், பாக்கி எவ்வளவுன்னு காட்டற ரீபேமென்ட் ஷெட்யூலும் வாங்குன்னேன். ஏன்னு போன்ல சொல்லி முடிக்க முடியல, அதான் இங்க எழுதறேன். ஓல்டு ரெஜிம்ல இருக்கறவங்களுக்குத்தான் இது, நியூ ரெஜிம் எடுத்திருந்தா நாம குடியிருக்கற வீட்டு வட்டிக்கு கழிவே கிடையாது.

என் லோன் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனில இருக்கு, பேர் வேண்டாம். சர்டிஃபிகேட் வாங்கறது மட்டும்னு பாத்தா அவங்களை குறை சொல்ல முடியாது. ஆப்ல லோன் நம்பரைத் தொட்டு, எந்த வருஷம்னு சொன்னா பிடிஎஃப் மெயிலுக்கு வந்துடும், ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. நடு வருஷத்துல கேட்டா ப்ரொவிஷனல் வரும், அதாவது இதுவரைக்கும் கட்டினதும் மார்ச் வரைக்கும் கட்டப்போறதும் சேர்த்து ஒரு கணக்கு. ஏப்ரலுக்கு அப்புறம் கேட்டா ஃபைனல். ஆபீஸ்ல டேக்ஸ் ப்ரூஃப் ஃபார்ம்ல எழுத வேண்டிய லோன் கம்பெனி பேர், அட்ரஸ், பான் நம்பர் மூணும் அதுலயே இருக்கும். மூணு வருஷம் நானும் இப்படியே வாங்கி, தொகையை மட்டும் பாத்துட்டு அனுப்பிட்டு இருந்தேன்.

2024 ஆகஸ்ட்ல ஊர்ல இருந்த ஒரு துண்டு நிலத்தை வித்த பணம் வந்துச்சு, அதுல 3 லட்சத்தை 5ஆம் தேதி இஎம்ஐ போன அன்னைக்கே நெஃப்ட்ல லோன் அக்கவுண்டுக்கு போட்டேன். ஃப்ளோட்டிங் ரேட் லோன், முன்கூட்டி கட்டினா அபராதம் கிடையாது. பணம் வந்துருச்சுன்னு எஸ்எம்எஸ்ஸும் வந்துச்சு. அசல் குறைஞ்சிருச்சுன்னு நானும் வீட்டம்மாவும் நிம்மதியா இருந்தோம்.

ஜனவரில ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட் எடுத்தேன். வட்டி 1,97,438, அசல் 1,02,562. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, சரியா 3 லட்சம், அதாவது 25,000 வீதம் 12 இஎம்ஐ. நான் தனியா கட்டின 3 லட்சம் எங்க? சர்டிஃபிகேட்ல வருஷத்துக்கு மொத்தமா ஒரே ஒரு வரிதான் இருக்கும், அதை வெச்சு எந்த மாசம் தப்புன்னு கண்டுபிடிக்க முடியாது. அதனால ரீபேமென்ட் ஷெட்யூல் கேட்டேன். சேங்ஷன் அன்னைக்கு குடுத்த பழைய ஷெட்யூல் இதுக்கு உதவாது, வட்டி மாறினா அது மொத்தமும் மாறிடும், இன்னைய தேதிக்கு உள்ளதைத்தான் கேக்கணும்.

ஷெட்யூல்ல ஆகஸ்ட் வரிசை இப்படி இருந்துச்சு: ஆரம்ப பாக்கி 22,06,829, வட்டி 16,551, அசல் 8,449, கடைசி பாக்கி 21,98,380. 3 லட்சம் கழிஞ்சிருந்தா பாக்கி 18,98,380னு இருக்கணும். அடுத்த வரி செப்டம்பர், வட்டி 16,488. 9 பர்சென்ட்னா மாசத்துக்கு 0.75, அப்ப செப்டம்பர் வட்டி 14,238தான் வந்திருக்கணும். மாசம் 2,250 ரூபா கூட போயிட்டு இருந்திருக்கு, அந்த 3 லட்சம் அவங்ககிட்டயே சும்மா கெடக்கும்போது. அதைப் பாத்ததும் எனக்கு கை நடுங்குச்சு, பொய் சொல்லல.

பிராஞ்ச்ல போய் கேட்டா விஷயம் இதுதான்: பணம் "எக்ஸஸ்"னு ஒரு கணக்குல நிக்குது. நாம பார்ட் பேமென்ட்னு ரிக்வெஸ்ட் குடுத்தாதான் அசல்ல கழிப்பாங்க, சும்மா போட்டா வரப்போற இஎம்ஐக்கு அட்வான்ஸ்னு வெச்சுக்குவாங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணு நல்லவ, பொறுமையா சொன்னா, "சார், இன்னைக்கு ரிக்வெஸ்ட் குடுங்க, இன்னைக்கு தேதிலேருந்து கழிச்சிடறோம்"னா. அப்ப ஆகஸ்ட்லேருந்து ஜனவரி வரைக்கும் போன வட்டி? அதுக்கு அவகிட்ட பதில் இல்ல. நான் விடல. யூடிஆர் நம்பர், பேங்க் ஸ்டேட்மென்ட், அந்த எஸ்எம்எஸ் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் வெச்சு, 5 ஆகஸ்ட் வேல்யூ டேட் போட்டு அசல்ல கழிக்கணும்னு எழுதிக் குடுத்து கையெழுத்தும் சீலும் போட்ட அக்னாலெட்ஜ்மென்ட் வாங்கினேன். மூணு மெயில், ரெண்டு தடவை நேர்ல, ஒரு தடவை எஸ்கலேஷன். பிப்ரவரி கடைசியில ஆகஸ்ட் தேதி போட்டே சரி பண்ணிக் குடுத்தாங்க, அதை மறைக்கக்கூடாது, பண்ணிட்டாங்க.

சரியான சர்டிஃபிகேட்ல வட்டி 1,81,329, அசல் 4,18,671. வட்டி 16,109 குறைஞ்சது, அப்ப வீட்டு லோன் வட்டிக்கான 24(பி)ல நான் கழிக்கிறதும் அவ்வளவு குறையும் (மேல் வரம்பு 2 லட்சம்). டேக்ஸ்ல நஷ்டமாச்சேன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். இல்லீங்க. 16,109 வட்டி கட்டினா 20 பர்சென்ட் ஸ்லாப்ல டேக்ஸ் மிச்சம் 3,200 சொச்சம், செஸ் சேர்த்தாலும் 3,350தான், மீதி கையை விட்டுப் போன காசு. அதுவும் இல்லாம லோன் அசலும் பிஎஃப்பும் சேர்ற 80சில எனக்கு பிஎஃப் 30,000 மட்டும்தான், முன்னாடி கணக்குப்படி 1,32,562ல நின்னுச்சு, இப்ப பார்ட் பேமென்ட்டும் அசல்தானே, 1.5 லட்சம் முழுசா ஆயிடுச்சு, 17,438 கூடுச்சு. அந்தப் பக்கம் போனது இந்தப் பக்கம் வந்துருச்சு. பழைய சர்டிஃபிகேட்டையே அப்படியே குடுத்திருந்தா, ஃபைனல்ல வேற தொகை வந்து ரிட்டர்ன்ல நான்தான் விளக்கம் சொல்லிட்டு இருக்கணும்.

இன்னொண்ணு, 2025-26 அசெஸ்மென்ட் வருஷ ரிட்டர்ன்லேருந்து 24(பி) கேக்கும்போது லோன் நம்பர், சேங்ஷன் தேதி, லோன் தொகை, மார்ச் 31 அன்னைக்கு பாக்கி எவ்வளவுன்னு எல்லாம் போடணும். என் சர்டிஃபிகேட்ல மார்ச் 31 பாக்கி இல்ல. ஷெட்யூல்லேருந்துதான் எடுத்தேன், 18,21,329. ஃபைனல் வந்தப்புறம் எடுத்த ஷெட்யூலைப் பாத்துதான் போடணும், ஜனவரில எடுத்ததை வெச்சு இல்ல.

2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவுப்படி ஃப்ளோட்டிங் லோனுக்கு ஒவ்வொரு மூணு மாசமும் கட்டின அசல், வட்டி, மீதி இஎம்ஐ எத்தனை, ரேட் என்னன்னு ஸ்டேட்மென்ட் தரணும். எனக்கு அது ஆப்ல ஒரு மூலையில இருந்துருக்கு, நான்தான் பாக்கல. அக்டோபர்லயே பாத்திருந்தா மூணு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

அதனால தம்பிக்கு சொல்றது: சர்டிஃபிகேட்ல வட்டியையும் அசலையும் கூட்டு, நீ வருஷத்துல கட்டினதோட சரியா வருதான்னு பாரு. வரலேன்னா ஷெட்யூல்ல பணம் போட்ட மாசத்து வரிசையையும் அடுத்த மாசத்து வட்டியையும் பாரு. பார்ட் பேமென்ட் போட்டா அன்னைக்கே ரிக்வெஸ்ட் குடுத்து, அசல்ல கழிஞ்ச புது ஷெட்யூலை கையில வாங்கு.

ஆப்புக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். பிராஞ்ச் பொண்ணுக்கும் குடுப்பேன். ஆனா இந்த லோனை வேற எடத்துக்கு மாத்த பேப்பர் ரெடி பண்ணிட்டேன், வர்ற மாசம் குடுக்கறேன்.